மின்னல் குறி எரிகிறது, சார்ஜ் இறங்குகிறது: உப்புவெளி ஹயர் கார் ஒன்றின் கதை

உப்புவெளியில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்படும்போது போனில் 90 சதவீதம். ஐந்து மணித்தியாலம் ஓடிப் போய்ச் சேரும்போது 42. வழி முழுக்கக் கேபிள் செருகித்தான் இருந்தது. போனின் மூலையில் மின்னல் குறியும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இதற்கிடையில் ஹபரணைக்கு முன்னால் இரண்டு தடவை, தம்புள்ளையைத் தாண்டி ஒரு தடவை, பிளேயர் திரையில் இருந்து மேப் காணாமல் போய்த் திரும்ப வந்தது.

"அண்ணை, மூண்டு கேபிள் மாத்திப் பாத்திட்டன். ஒண்டும் சரிவரேல்ல. பிளேயரையே கழட்டி எறியவோ எண்டு யோசிக்கிறன்" என்றபடி காரை என் பட்டறை வாசலில் நிறுத்தினார் அந்தத் தம்பி. வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றி இறக்குவது அவர் தொழில். கார் ஜப்பானில் இருந்து பாவித்து வந்த சிறிய கார். அதன் பழைய ஜப்பான் மொழிப் பிளேயரைக் கழற்றிவிட்டு, ஒன்பது அங்குலத் திரை கொண்ட பிளேயர் ஒன்றை வேறொரு கடையில் பூட்டியிருந்தார். போனைக் கேபிளில் கொழுவி அண்ட்ரொயிட் ஓட்டோவில் மேப் பார்ப்பது வழக்கம்.

திருகாணி எதையும் தொடுவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. மேப் மறையும் அந்த நேரத்தில் போனின் மின்னல் குறியும் மறைகிறதா, இல்லை அது எரிந்தபடியே இருக்கிறதா? குறியும் சேர்ந்து போனால் மின்சாரமே அறுபடுகிறது. அப்படியென்றால் எங்கோ செருகி தளர்ந்திருக்கிறது, கம்பி முறிந்திருக்கிறது, அல்லது பிளேயரே ஒரு கணம் அணைந்து எழும்புகிறது. குறி அப்படியே நிற்க மேப் மட்டும் போனால் மின்சாரம் வருகிறது, தரவுதான் நிற்கிறது. அதற்குத் தரவுக் கம்பி காரணமாக இருக்கலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அந்த ஆப்பை மூடிவிடுவதும் உண்டு. இதைக் கவனிக்காமல் கேபிள் வாங்கிக்கொண்டே போவது, காய்ச்சலா தலைவலியா என்று பாராமல் குளிசை விழுங்குவதைப் போன்றது.

தம்பி கவனித்திருக்கவில்லை. இரண்டு நாள் ஓடிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வந்து சொன்னது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். "கிடங்கில விழுந்தா மின்னலும் போகுது. நல்ல ரோட்டில போகேக்க மின்னல் நிக்குது, மேப் மட்டும் போகுது." அதாவது இரண்டு வகையும் ஒரே காரில். சார்ஜ் ஏறாத பிரச்சினையையும் சேர்த்தால் முறைப்பாடு மூன்று.

முதலில் போனின் துவாரத்தைப் பார்த்தேன். சட்டைப்பையில் கிடக்கும் போனின் துவாரத்துக்குள் நூல் தூசி புகுந்து, செருகும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இறுகிக்கொண்டே போகும். கடற்கரையில் திரிபவர் என்றால் மணலும் சேரும். செருகியை முழுதாக உள்ளே தள்ளியபோது 'கிளிக்' என்ற அந்தச் சின்னப் பிடிப்பு கையில் தெரியவில்லை. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லக் கிண்டினேன். ஊசி கூடாது, உள்ளே நடுவில் நிற்கும் மெல்லிய நாக்கும் அதன் மேல் உள்ள தகடுகளும் போய்விடும். ஒரு பயற்றளவுக்குச் சாம்பல் நிறப் பஞ்சு வெளியே வந்தது. பிடிப்பு சரியானது. ஆனால் சார்ஜ் ஏறும் வேகம் இம்மியும் கூடவில்லை. அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன்.

கேபிளுக்கு நடுவே செருகும் சின்ன யுஎஸ்பி மீட்டர்தான் இந்த வேலைக்கு முக்கியமான கருவி. வோல்ட்டும் ஆம்பியரும் அதன் திரையில் தெரியும். சாதாரண மல்டிமீட்டரை விட இது வசதி, ஏனென்றால் போன் உண்மையாகவே சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது அளக்கலாம். எந்தச் சுமையும் இல்லாமல் டாஷ்போர்டில் உள்ள துவாரத்தில் 4.98 வோல்ட். குறையே சொல்ல முடியாது. போனைக் கொழுவி அண்ட்ரொயிட் ஓட்டோ ஓடத் தொடங்கியதும் அதே இடத்தில் 4.79. கேபிளின் மறு முனையில், போனுக்குப் பக்கத்தில், 4.50 வோல்ட், 0.34 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் ஒன்றரை வாட்.

வீட்டுச் சார்ஜர் இந்தப் போனுக்கு 20 வாட்டுக்கு மேல் கொடுக்கும். இங்கே ஒன்றரை. போனே என்ன நினைக்கிறது என்று அறிய மடிக்கணினியில் இருந்து வைஃபை வழியாக ஒரு கட்டளை போட்டேன் (துவாரம்தான் காரோடு பிடிபட்டிருக்கிறதே):

```
$ adb shell dumpsys battery
  AC powered: false
  USB powered: true
  Max charging current: 500000
  Max charging voltage: 5000000
  level: 58
  temperature: 408
```

இதில் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியரிலும் வெப்பம் பத்தில் ஒரு பாகையிலும் வரும். ஆகவே போன் தனக்கு அனுமதி என்று நினைப்பது 0.5 ஆம்பியர்தான். `AC powered: false` என்ற வரியைத்தான் நான் தேடினேன். தான் சுவர்ச் சார்ஜரில் இல்லை, ஒரு கணினியில் கொழுவப்பட்டிருக்கிறேன் என்று போன் நம்புகிறது. அது நம்புவது சரியும்தான். பிளேயர் ஒரு கணினி.

பலருக்குத் தெரியாமல் இருப்பது இந்த இடம். 1996இல் யுஎஸ்பி வந்தபோது அது விசைப்பலகை, மவுஸ், அச்சுப்பொறி போன்றவற்றைக் கணினியோடு சேர்க்க வந்த வழி. ஒரு கருவி கேட்டு வாங்கக்கூடிய உச்சம் 0.5 ஆம்பியர் என்று விதித்தார்கள். இரண்டாம் பதிப்பிலும் அதே எல்லைதான். தரவும் ஓட வேண்டும், 1.5 ஆம்பியரும் கொடுக்க வேண்டும் என்றால், 2010இல் வந்த சார்ஜிங் விதிப்படி அந்தத் துவாரம் "நான் கூடக் கொடுப்பேன்" என்று தரவுக் கம்பிகள் வழியாக முதலிலேயே சைகை காட்ட வேண்டும். கம்பெனியில் இருந்து வரும் சில கார்களின் துவாரம் அதைச் செய்யும். இந்தத் தம்பியின் பிளேயர் செய்யவில்லை. போனும் ஒழுக்கமாக அரை ஆம்பியரோடு நின்றுவிட்டது.

"அப்ப ஃபாஸ்ட் சார்ஜிங் எண்டு போட்டிருக்கிற கேபிள் வாங்கினா?" என்று கேட்டார். பழைய வகை ஃபாஸ்ட் சார்ஜிங், வோல்ட்டைக் கூட்டச் சொல்லிச் சார்ஜரோடு பேசுவதே தரவுக் கம்பிகளில்தான். அந்தக் கம்பிகளில் இப்போது மேப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே வாயால் பாடவும் பேசவும் முடியாது. டைப் சி துவாரங்களில் வரும் புதிய முறைக்குப் பேசத் தனிக் கம்பி உண்டு, அங்கே இரண்டும் சேர்ந்து நடக்கும். ஆனால் அதற்குப் பிளேயர் பக்கத்திலும் டைப் சி துவாரமும், அதற்குள் அந்தத் திறனும் வேண்டும். பழைய நீள்சதுரத் துவாரம் உள்ள பிளேயரில் எந்தக் கேபிளும் அதைக் கொண்டு வராது.

சரி, எல்லை 0.5 என்றால் ஏன் 0.34தான் வந்தது? மீதி எங்கே போனது?

பிளேயரின் முதுகில் இருந்து டாஷ்போர்ட் துவாரம் வரைக்கும் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி. அங்கிருந்து போன் வரைக்கும் தம்பியின் இரண்டு மீட்டர் கேபிள். பின்னாசனப் பயணியும் சார்ஜ் போடட்டும் என்று நீளமாக வாங்கியிருந்தார். அந்தக் கேபிளின் தோலில் நுண்ணிய எழுத்தில் 28AWG என்று மட்டும் இருந்தது. இந்த எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 என்பது மெல்லிய கம்பி, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு மீட்டர் கேபிளில் உண்மையில் நான்கு மீட்டர் கம்பி. அதுவே 0.85 ஓம். நீட்டிப்பும் அதன் செருகிகளும் இன்னொரு 0.55. மொத்தம் 1.4 ஓம்.

போன் மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட, இந்தத் தடையில் வோல்ட் குறைந்துகொண்டே வரும். உள்ளே வரும் வோல்ட் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போனின் சார்ஜிங் சிப், "அந்தப் பக்கம் தாங்கவில்லை" என்று எடுத்துக்கொண்டு தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்தப் போனில் அந்த மட்டம் நாலரை வோல்ட். 4.98இல் இருந்து 4.50க்கு இறங்க 0.48 வோல்ட், அதை 1.4ஆல் வகுத்தால் 0.34 ஆம்பியர். மீட்டர் காட்டியதும் அதுதான். கணக்கும் அளவும் இப்படிப் பொருந்தும்போது, ஒளிந்திருக்கும் வேறொரு காரணத்தைத் தேடத் தேவையில்லை.

செலவுப் பக்கமும் பார்க்க வேண்டும். போனின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி, ஏறத்தாழ 19 வாட் மணி. ஐந்து மணித்தியாலத்தில் 48 சதவீதம் போனது என்றால் சராசரியாக 1.8 வாட் அளவில் பேட்டரியில் இருந்து இறங்கியிருக்கிறது. கேபிள் வழியாக வந்த ஒன்றரையில் பேட்டரிப் பக்கம் உருப்படியாகச் சேர்வது 1.4 என்று வைத்தால், போன் செலவழித்தது 3.2 வாட். மேப்புக்கு ஜிபிஎஸ் வேண்டும், 4ஜி வேண்டும். பிளேயரில் தெரியும் படத்தையும் போன்தான் வீடியோவாகச் சுருக்கி நொடிக்கு நொடி அனுப்புகிறது. இதெல்லாம் தெரிந்தும் 3.2 எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

வெப்பத்தையும் சந்தேகித்தேன். போன் முன் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டாண்டில் நிற்கும். திருகோணமலை வெயிலில் அந்த இடம் தோசைக்கல். கட்டளை காட்டிய 408 என்பது 40.8 பாகை. பேட்டரி 45 பாகையை நெருங்க நெருங்கப் போன் சார்ஜைக் குறைக்கும். போனை ஏசி வாய்க்கு முன்னால் கால் மணித்தியாலம் வைத்தேன். 36க்கு இறங்கியது, மின்னோட்டம் அதே 0.34. ஒன்றரை வாட் வந்துசேரும் இடத்தில் வெப்பம் தடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? சாதாரணமாக வெயில்தான் முதல் குற்றவாளி. இந்தக் காரில் அது குற்றவாளி இல்லை.

இனி அறுபடும் பிரச்சினை. இங்கே ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரைக்கும் தெரியாது. நிலாவெளி வீதியில் இறக்கக்கண்டி வரை போய், வரும் வழியில் கடற்கரைக்கு இறங்கும் குண்டும் குழியுமான ஒழுங்கை ஒன்றில் ஏறி இறங்கித் திரும்புவது எங்கள் சோதனை ஓட்டம்.

முதல் ஓட்டத்தில் தம்பியின் நீளக் கேபிளுக்குப் பதிலாக என்னுடைய அரை மீட்டர்க் கேபிள், டாஷ்போர்ட் துவாரம் பழையதே. ஒழுங்கையில் மூன்று தடவை அறுந்தது, மூன்றிலும் மின்னல் குறியும் போனது. ஆக, கேபிள் குற்றமற்றது. அடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பிளேயரை வெளியே இழுத்து, நீட்டிப்பை முழுதாகக் கழற்றினேன். கையுறைப் பெட்டிப் பக்கம் எயார்பேக் வயர்கள் ஓடுவதால் மின்சாரம் இருக்கும்போது அங்கே கை வைக்க மாட்டேன்.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்ததும் கதை விளங்கிவிட்டது. துவாரத்தின் உள்ளே நான்கு தகடுகளில் ஓரத்தில் உள்ள நெகட்டிவ் தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. இது கடற்கரைக் காரின் நோய். பயணிகளை இறக்கிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக் கடற்காற்றில் கண்ணயர்ந்த பகல்கள் எல்லாம் அந்தத் தகட்டில் இருந்தன. உப்பு ஈரத்துக்கு மெல்லிய முலாம் தாங்காது. துவாரத்தின் தகரக் கூடும் தளர்ந்து, செருகி உள்ளே ஆடியது. குழியில் விழும்போது மின்னலும் சேர்ந்து போனதற்கு இதுவே போதும்.

நல்ல ரோட்டில் மேப் மட்டும் போனதற்கு? அதற்கும் அதே நெகட்டிவ் பாதைதான் காரணம் என்பது என் முடிவு. தரவுக் கம்பிகளில் ஓடுவது வெறும் 0.4 வோல்ட் சைகை. அதை இரு பக்கமும் அந்த இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசமாகத்தான் அளக்கின்றன, ஆனாலும் அந்தச் சைகை தன் பக்கத்து நெகட்டிவை விட்டு அதிகம் விலகக் கூடாது. சார்ஜ் மின்சாரம் திரும்பிப் போவதும் அதே நெகட்டிவில்தான். மொத்தத் தடையில் பாதி, 0.7 ஓம், நெகட்டிவ் பக்கம் என்று வைத்தால், 0.34 ஆம்பியர் ஓடும்போது போனின் அடிமட்டம் பிளேயரின் அடிமட்டத்தை விடக் கால் வோல்ட் உயர்ந்து நிற்கும். யுஎஸ்பி 2.0 விதி ஒரு கேபிளின் நெகட்டிவில் அனுமதிக்கும் இழப்பு 0.125 வோல்ட். இங்கே அதன் இரண்டு மடங்கு. பூத்த தகட்டில் தடை ஒரு கணம் இன்னும் ஏறினால் பிழை கூடி, பிளேயர் இணைப்பை விட்டுவிடும். மின்சாரம் முழுதாகப் போகாததால் மின்னல் அப்படியே நிற்கும். நீட்டிப்புக் கேபிள் என்ற ஒன்றை யுஎஸ்பி விதி அங்கீகரிக்கவே இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பிளேயர் பெட்டிக்குள் அதைத்தான் வைத்துத் தருகிறார்கள், நாங்களும் அதைத்தான் பூட்டுகிறோம்.

போன் ஆப்பை மூடியிருக்கலாமே என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால் அமைப்புகளில் போய் அண்ட்ரொயிட் ஓட்டோவுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பழைய நீட்டிப்போடு ஒரு ஓட்டம் ஓடித்தான் அதைக் கழற்றியிருந்தேன். அப்போதும் மேப் போனது.

புதிதாகப் பூட்டியது ஒரு மீட்டர் நீளமுள்ள, உள்ளே மின்கம்பி தடித்த ஒரு வயர். தோலில் 28AWG/1P+24AWG/2C என்று எழுதியிருக்கும். தரவுக்கு மெல்லிய சோடி ஒன்று, மின்சாரத்துக்கு 24 தடிப்பில் இரண்டு கம்பி என்று அர்த்தம். 24 தடிப்பின் தடை மீட்டருக்கு 0.08 ஓம்தான். பிளேயர் பக்கச் செருகியை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். துவாரத்துக்கு ரப்பர் மூடி உள்ளதாகப் பார்த்து எடுத்தோம்.

மறுபடி இறக்கக்கண்டி. வேண்டுமென்றே தம்பியின் இரண்டு மீட்டர்க் கேபிளையே போட்டு ஓடினோம். ஒரு தடவைகூட அறுபடவில்லை, ஆனால் மின்னோட்டம் 0.43தான். அடுத்து அதே அரை மீட்டர்க் கேபிள், அதிலும் 24 தடிப்பு மின்கம்பி. போன் பக்கம் 4.81 வோல்ட், 0.48 ஆம்பியர். அறுபடவும் இல்லை. ஆக, அறுபட்டதற்குக் காரணம் நீட்டிப்பு. சார்ஜ் குறைந்ததற்குக் காரணம் நீட்டிப்போடு நீளக் கேபிளும்.

ஆனால் 4.81ஐ 0.48ஆல் பெருக்கினாலும் 2.3 வாட்தான். செலவு 3.2. அரை ஆம்பியர் எல்லையைக் கேபிள் மாற்றி உடைக்க முடியாது என்பதைத் தம்பிக்கு மறைக்காமல் சொன்னேன். வழிகள் இருந்தன. பிளேயர் துவாரத்தில் ஒரு வயர்லெஸ் அடாப்டரைச் செருகி மேப்பை வைஃபையில் அனுப்பிவிட்டு, போனை 12 வோல்ட் துவாரத்தில் நல்ல சார்ஜரில் போடலாம். சார்ஜ் வேகமாக ஏறும். ஆனால் வைஃபையும் வேகச் சார்ஜும் சேர்ந்து போனைச் சூடாக்கும், அப்போது அந்த முன் கண்ணாடி ஸ்டாண்ட் உண்மையாகவே வில்லனாகிவிடும். இன்னும் சிலர் வெளியில் இருந்து ஐந்து வோல்ட்டை நடுவில் சேர்க்கும் இரட்டைக் கேபிள் போடுவார்கள். அந்த மின்சாரம் பிளேயருக்குள் திரும்ப ஏறும் ஆபத்து இருப்பதால் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

காசைச் செலவழிக்க வைக்க முதல், மனதில் வைத்திருந்த அந்த 3.2க்கு வந்தேன். ஓட்டத்தின்போது கவனித்திருந்தேன், மேப் பிளேயரில் ஓடுகிறது, போனின் திரையும் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கிறது.

"போன் திரையை ஏன் அணைக்கிறதில்ல?"

"அணைச்சா மேப்பும் நிண்டிடுமெல்லோ, அண்ணை."

நிற்காது. அண்ட்ரொயிட் ஓட்டோ பிளேயரில் ஓடும்போது போனைப் பூட்டிப் பையில் போட்டாலும் மேப் ஓடும். வெயிலுக்காக முழு வெளிச்சத்தில் வைத்த அந்தத் திரை மட்டும் ஒரு வாட் அளவு தின்றுகொண்டிருந்தது. அதைக் கழித்தால் செலவு 2.2, வரவு கிட்டத்தட்ட அதே அளவு.

அடுத்த கட்டுநாயக்க ஹயருக்குப் போனைப் பூட்டி, ஸ்டாண்டில் இருந்து எடுத்து, கியருக்குப் பக்கத்துக் குழிவில் வைத்துக்கொண்டு போனார். புறப்படும்போது 88, இறங்கும்போது 86. மேப் ஒரு தடவையும் போகவில்லை. திரும்பி வரும் வழியில் காத்திருந்த இரண்டு மணித்தியாலத்தில் 12 வோல்ட் சார்ஜரில் போட்டுக்கொண்டாராம். வயர்லெஸ் அடாப்டர் வாங்கும் யோசனையை விட்டுவிட்டார். அந்த இரண்டு மீட்டர்க் கேபிள் இப்போது வீட்டில், படுக்கைக்குப் பக்கத்தில்.